பாடம் 7: பொதிகை மலைப்பாதையும் நெய்ஸ்மித் கணக்கும்

நுழையும்முன்

மலையில் ஒருவர் நடந்து செல்லும்போது, "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று வினவுவதைவிட, "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று வினவுவதே பயனுடையது. சமவெளியில் தூரம் தெரிந்தால் நேரமும் தெரிந்துவிடும். மலையிலோ ஏற்றமும் சேர்ந்தே நேரத்தை முடிவு செய்கிறது. தூரத்தையும் ஏற்றத்தையும் கொண்டு நடைநேரத்தை மதிப்பிடும் எளிய முறை ஒன்றை இப்பாடம் விளக்குகிறது. நம் திருவனந்தபுரம் மாவட்டத்தின் உயர்ந்த சிகரமே நமக்கு எடுத்துக்காட்டு.

1. அகத்தியர் மலை

தமிழர் பொதிகை என்று போற்றும் மலையை, மலையாளத்தில் அகஸ்தியார்கூடம் என்று அழைக்கின்றனர். இது கேரளமும் தமிழ்நாடும் கூடும் எல்லையில் நிற்கிறது. சிகரத்தின் உயரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர். இம்மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் தாமிரபரணி பிறக்கிறது. மேற்குச் சரிவில் நெய்யாறும் கரமனையாறும் பிறக்கின்றன. நாம் வாழும் நகரின் வழியே ஓடும் கரமனையாறும், திருநெல்வேலி வயல்களுக்கு நீர் தரும் தாமிரபரணியும் ஒரே மலைத்தொடரின் இருபுறத்துப் பிள்ளைகள். அகத்தியர் மலை உயிர்க்கோளக் காப்பகம் 2016ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக வலையமைப்பில் சேர்க்கப்பட்டது.

இம்மலைக்கு நினைத்தபோதெல்லாம் ஏற இயலாது. கேரள வனத்துறை சனவரி நடுப்பகுதியில் தொடங்கும் பருவத்தில் மட்டும், நாளொன்றுக்கு இத்தனை பேர் என வரையறுத்து இசைவு வழங்குகிறது. சிறுவர்க்கு இப்பயணத்தில் இடமில்லை. ஆகவே நாம் இப்போது தாளில் நடந்து பார்ப்போம்.

பயணம் மூன்று நாள்களுக்கு உரியது. முதல் நாள் போணக்காட்டில் தொடங்கி, அதிருமலை என்னும் முகாமை அடைவர். இரண்டாம் நாள் சிகரம் ஏறி முகாமுக்குத் திரும்புவர். மூன்றாம் நாள் போணக்காட்டுக்கு இறங்குவர். முதல் நாளின் இறுதியில் ஒரு செங்குத்தான ஏற்றம் உண்டு. அதற்கு முட்டிடிச்சான் தேரி என்று பெயர். முட்டு என்பது முழங்கால். ஏறுபவரின் முழங்கால் முன்னுள்ள தரையில் இடிக்கும் அளவுக்குச் செங்குத்தானது என்பது பெயரின் பொருள். தேரி என்ற சொல்லைத் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதிகளில் செம்மணல் மேட்டுக்கு வழங்குவர். இங்கோ மலையின் ஏற்றத்திற்கு வழங்குகின்றனர். ஓர் இடப்பெயரே அங்கு நடை தளரும் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது. அந்த அறிவிப்பை நிமிடங்களாக மாற்றுவதே நம் கணக்கு.

2. நெய்ஸ்மித் கண்ட விதி

வில்லியம் நெய்ஸ்மித் என்பவர் ஸ்காட்லாந்து நாட்டு மலையேறுநர். அவர் 1892ஆம் ஆண்டில் ஒரே நாளில் மூன்று மலைகளின் மேல் நடந்துவந்து, அதைப் பற்றிய சிறு குறிப்பொன்றை ஸ்காட்லாந்து மலையேற்றச் சங்கத்தின் இதழில் எழுதினார். அன்று அவர் நடந்த தூரம் 10 மைல். ஏறிய மொத்த ஏற்றம் 6,300 அடி. எடுத்துக்கொண்ட நேரம் ஆறரை மணி. இதிலிருந்து அவர் ஒரு விதியை வகுத்தார்: வரைபடத்தில் காணும் ஒவ்வொரு 3 மைலுக்கும் ஒரு மணி நேரம், அதனுடன் ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்திற்கும் மேலும் ஒரு மணி நேரம்.

விதி அவருடைய நடைக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்போம். 10 மைலை 3ஆல் வகுத்தால் 3 மணி 20 நிமிடம். 6,300 அடியை 2,000ஆல் வகுத்தால் 3.15 மணி, அதாவது 3 மணி 9 நிமிடம். இரண்டையும் கூட்டினால் 6 மணி 29 நிமிடம் வருகிறது. இது ஏறத்தாழ ஆறரை மணியே.

மீட்டர் அளவில் இவ்விதியைப் பின்வருமாறு நினைவில் கொள்ளலாம்.

ஒரு கிலோமீட்டருக்கு 12 நிமிடம்.
ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்திற்கும் கூடுதலாக 10 நிமிடம்.

மணிக்கு 5 கிலோமீட்டர் என்பதும், 600 மீட்டர் ஏற்றத்திற்கு ஒரு மணி என்பதும் இவ்விரு வரிகளுள் அடங்கியுள்ளன. ஒன்றைக் கூர்ந்து நோக்குக. 600 மீட்டர் மேலே ஏறுவதற்கு ஆகும் ஒரு மணி நேரத்தில் சமவெளியில் 5,000 மீட்டர் நடந்துவிடலாம். எனவே, ஒரு மீட்டர் மேலே செல்வது ஏறத்தாழ எட்டு மீட்டர் முன்னே செல்வதற்கு ஒப்பாகும். மலையில் குறுகிய தூரமும் நீண்ட நேரம் எடுப்பதற்குக் காரணம் இதுவே.

3. இரண்டு எண்களையும் பெறும் முறை

விதிக்கு வேண்டியவை தூரம், ஏற்றம் ஆகிய இரண்டு எண்கள் மட்டுமே. இவற்றை நிலத்தோற்ற வரைபடத்திலிருந்து பெறலாம். இந்திய நில அளவைத் துறை வெளியிடும் 1:50,000 அளவுடைய வரைபடத்தில் 1 சென்டிமீட்டர் என்பது தரையில் அரைக் கிலோமீட்டர் ஆகும்.

மலைப்பாதை நேர்க்கோடாகச் செல்வதில்லை. ஆகவே அளவுகோலால் அளந்தால் தூரம் குறைந்தே வரும். ஒரு மெல்லிய நூலைப் பாதையின் வளைவுகளின் மேல் பொருத்தி, பின்பு அந்நூலை நீட்டி அளக்க வேண்டும். நூல் 28 சென்டிமீட்டர் இருப்பின், பாதை 14 கிலோமீட்டர்.

ஏற்றத்தை அறியச் சம உயரக் கோடுகளை எண்ண வேண்டும். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு சம உயரக் கோடு. இவ்வகை வரைபடத்தில் அடுத்தடுத்த இரு கோடுகளுக்கு இடையே 20 மீட்டர் உயர வேறுபாடு உண்டு. பாதை மேல்நோக்கிக் கடக்கும் கோடுகளை மட்டும் எண்ணி, 20ஆல் பெருக்க வேண்டும். 45 கோடுகளை மேல்நோக்கிக் கடந்தால் ஏற்றம் 900 மீட்டர்.

இங்குதான் பலரும் தவறுகின்றனர். சேருமிடத்தின் உயரத்திலிருந்து தொடங்குமிடத்தின் உயரத்தைக் கழித்து, அதையே ஏற்றம் என்று கொள்கின்றனர். 500 மீட்டர் உயரத்தில் தொடங்கும் ஒரு பாதை 650 மீட்டருக்கு ஏறி, ஓர் ஆற்றைக் கடக்க 550 மீட்டருக்கு இறங்கி, மீண்டும் 800 மீட்டருக்கு ஏறுகிறது எனக் கொள்வோம். கழித்துப் பார்ப்பவர் 300 மீட்டர் என்பார். உண்மையில் கால்கள் ஏறியது முதலில் 150, பின்னர் 250, ஆக 400 மீட்டர். இறங்கியதை மீண்டும் ஏறித்தான் ஆகவேண்டும். அதிருமலைப் பாதை பல ஆறுகளைக் கடந்து செல்வதால், இவ்வேறுபாட்டை இங்கு விட்டுவிட இயலாது.

4. முதல் நாள் நடையைக் கணக்கிடுவோம்

போணக்காட்டிலிருந்து அதிருமலைக்குத் தூரம் ஏறத்தாழ 14 கிலோமீட்டர். இடையிலுள்ள ஏற்ற இறக்கங்களைச் சேர்த்து மொத்த ஏற்றம் 900 மீட்டர் என நம் பயிற்சிக்காகக் கொள்வோம்.

தூரத்திற்கு: 14 × 12 = 168 நிமிடம்.
ஏற்றத்திற்கு: 9 × 10 = 90 நிமிடம்.
மொத்தம்: 258 நிமிடம், அதாவது 4 மணி 18 நிமிடம்.

இந்த விடையை அப்படியே நம்பி நடக்கத் தொடங்குதல் கூடாது. நெய்ஸ்மித் பழகிய மலையேறுநர். அவருடைய விதி, உடல்வலிமை உடைய ஒருவர் தெளிந்த பாதையில் நடக்கும் நேரத்தைக் கூறுகிறது. முதுகில் சுமையோடு, வேர்களும் கற்களும் நிறைந்த ஒற்றையடிப் பாதையில், பத்துப் பேர் வரிசையாக நடக்கும் குழுவை அது அறியாது. ஆகவே ஒவ்வொரு குழுவும் தனக்குரிய பெருக்கெண்ணை முன்னரே கண்டறிய வேண்டும்.

அதற்கு வழி எளிது. தூரமும் ஏற்றமும் தெரிந்த ஒரு சிறிய பாதையில், பயணத்தில் சுமக்கப்போகும் அதே சுமையுடன் குழுவினர் அனைவரும் நடந்து பார்க்க வேண்டும். 2 கிலோமீட்டர் தூரமும் 100 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதைக்கு விதி கூறுவது 24 + 10 = 34 நிமிடம். குழுவின் கடைசி ஆள் வந்து சேர 51 நிமிடம் ஆயிற்று எனில், 51ஐ 34ஆல் வகுக்க 1.5 கிடைக்கும். இதுவே அக்குழுவின் பெருக்கெண். முதலில் வந்தவரின் நேரத்தைக் குறிப்பது பயன் தராது. காட்டில் குழு பிரிந்து நடத்தல் தகாது. ஆதலால் மெதுவாக நடப்பவரின் நேரமே எல்லோருடைய நேரம்.

இப்பெருக்கெண்ணை முதல் நாள் கணக்கிற்குப் பயன்படுத்துவோம். 258 × 1.5 = 387 நிமிடம். நெய்ஸ்மித் அன்று எடுத்த ஓய்வு மிகச் சிறிது. நம் குழுவோ ஓய்வுக்கும் உணவுக்கும் தனியே நேரம் சேர்க்க வேண்டும். பத்து நிமிட ஓய்வு ஆறு முறை, மதிய உணவுக்கு முப்பது நிமிடம், ஆக 90 நிமிடம். மொத்தம் 477 நிமிடம். அதாவது 7 மணி 57 நிமிடம்.

முதலில் கிடைத்த விடை நான்கேகால் மணி; இப்போது கிடைத்த விடை ஏறத்தாழ எட்டு மணி. இவ்வேறுபாட்டின் விளைவைக் கடிகாரத்தில் காண்போம். சனவரி நடுவில் திருவனந்தபுரத்தில் கதிரவன் மாலை 6.20 மணியளவில் மறைகிறான். மரங்கள் அடர்ந்த காட்டில் அதற்கு முன்னரே இருள் சூழும். யானைகள் உலவும் காடு அது. காலை 8.30க்குப் புறப்படும் குழு மாலை 4.27க்கு முகாமை அடையும். வெளிச்சம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எஞ்சியிருக்கும். நான்கேகால் மணி என்னும் விடையை நம்பி, "நேரம் நிறைய உள்ளது" என 10.30க்குப் புறப்படும் குழு மாலை 6.27க்கே முகாமை அடையும். அக்குழு முட்டிடிச்சான் தேரியை இருளத் தொடங்கும் வேளையில்தான் ஏறும். நாளின் மிகக் கடினமான பகுதி, வெளிச்சம் மிகக் குறைந்த வேளைக்குத் தள்ளப்படுகிறது.

5. நடக்கும்போதே கணக்கைத் திருத்துதல்

மதிப்பீடு என்பது புறப்படும் முன் ஒருமுறை செய்து மறந்துவிடும் செயலன்று. பாதி வழியிலேனும் அதனைச் சரிபார்க்க வேண்டும்.

8.30க்குப் புறப்பட்ட குழு, முதல் 5 கிலோமீட்டரில் 100 மீட்டர் மட்டுமே ஏறியது எனக் கொள்வோம். விதிப்படி 60 + 10 = 70 நிமிடம்; பெருக்கெண் 1.5 எனின் 105 நிமிடம். ஆனால் உண்மையில் நடைக்கு 140 நிமிடம் ஆயிற்று. ஓய்வுக்கு 30 நிமிடம் ஆயிற்று. இப்போது மணி 11.20. 140ஐ 70ஆல் வகுக்க, அன்றைய உண்மையான பெருக்கெண் 2 என்று தெரிகிறது.

எஞ்சியுள்ளது 9 கிலோமீட்டர் தூரமும் 800 மீட்டர் ஏற்றமும். விதிப்படி 108 + 80 = 188 நிமிடம். அதை 2ஆல் பெருக்க 376 நிமிடம். எஞ்சிய ஓய்வு 60 நிமிடத்தையும் சேர்க்க 436 நிமிடம், அதாவது 7 மணி 16 நிமிடம். 11.20க்கு மேல் இதைக் கூட்டினால் மாலை 6.36 ஆகிறது. கதிரவன் அதற்குள் மறைந்திருப்பான்.

குழுவினர் யாவரும் நலமாக உள்ளனர். வானம் தெளிவாக உள்ளது. பாதையும் நன்றாக உள்ளது. கண்ணுக்கு எத்தவறும் தெரியவில்லை. ஆயினும் கணக்கு எச்சரிக்கிறது. "இனி வேகமாக நடந்து ஈடு செய்யலாம்" என்று நினைப்பது இயல்பு. ஆனால் பெரும்பகுதி ஏற்றம் இன்னும் முன்னே இருக்கிறது; கால்களோ ஏற்கெனவே களைத்துள்ளன. இந்நிலையில் பெருக்கெண் 2ஐ விடக் கூடுமே அன்றிக் குறையாது. 11.20க்கே வழிகாட்டியிடம் நிலையைக் கூறித் திரும்பினால், வந்த வழியில் 5 கிலோமீட்டரைப் பிற்பகல் இரண்டு மணியளவில் கடந்துவிடலாம். மாலை 4 மணிக்கு உணர்ந்தால் அவ்வாய்ப்பு இராது.

6. இறக்கமும் விதியின் எல்லையும்

இரண்டாம் நாள் நடையைக் காண்போம். அதிருமலையிலிருந்து சிகரம் ஏறத்தாழ 6 கிலோமீட்டர். ஏற்றத்தை 700 மீட்டர் எனக் கொண்டால், 72 + 70 = 142 நிமிடம். பெருக்கெண் 1.5 எனின் 213 நிமிடம். அதாவது 3 மணி 33 நிமிடம்.

இறங்கும்போது ஏற்றம் இல்லையே, தூரத்திற்குரிய 72 நிமிடம் போதாதா? மென்மையான சரிவில் போதும். இன்னும் குறைவாகவும் ஆகலாம். செங்குத்தான சரிவில் போதாது. அங்கு ஒவ்வோர் அடியையும் பார்த்து வைக்க வேண்டியிருப்பதால் நடை தளர்கிறது. எரிக் லாங்மியூர் என்னும் மலையேற்ற ஆசிரியர் நெய்ஸ்மித் விதிக்கு ஒரு திருத்தம் சேர்த்தார். 5 முதல் 12 பாகை வரை சாய்ந்த சரிவில், 300 மீட்டர் இறக்கத்திற்கு 10 நிமிடம் கழிக்க வேண்டும். 12 பாகைக்கு மேற்பட்ட சரிவில், 300 மீட்டர் இறக்கத்திற்கு 10 நிமிடம் கூட்ட வேண்டும். ஐந்து மீட்டர் முன்னே செல்வதற்குள் ஒரு மீட்டருக்குச் சற்று மிகுதியாக இறங்கினால், அது 12 பாகைச் சரிவு என்று அறியலாம்.

சிகரத்தை அடுத்த பகுதியில் பாறைகள் செங்குத்தாக நிற்கின்றன. அங்குக் கட்டப்பட்டுள்ள கயிற்றைப் பற்றிக்கொண்டு ஏற வேண்டும். இவ்விடத்தில் நெய்ஸ்மித் விதி நின்றுவிடுகிறது. அது நடைக்கான விதி. கைகளால் பற்றி ஏறுவதற்கான விதி அன்று. மேலும், ஒரு கயிற்றில் ஒருவர்பின் ஒருவராகவே செல்ல இயலும். முன்னே இருபது பேர் இருந்தால், அவர்கள் ஏறி முடியும்வரை நிற்கத்தான் வேண்டும். அந்தக் காத்திருப்பைத் தூரமும் அறியாது, ஏற்றமும் அறியாது. மழையில் நனைந்த பாறைக்கும் இதுவே பொருந்தும். ஆகவே இத்தகைய பகுதிக்கு விதியைப் பயன்படுத்தாமல், அவ்வழியை அறிந்த வழிகாட்டியிடம் கேட்டு, அந்நேரத்தைத் தனியே கூட்டிக்கொள்ள வேண்டும்.

இக்காரணத்தால், சிகரம் ஏறுவோர் புறப்படும் முன்பே திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொள்வது வழக்கமாக இருத்தல் வேண்டும். இறங்குவதற்கு வேண்டிய நேரத்தை இருள் சூழும் நேரத்திலிருந்து கழித்து, அதிலிருந்து இரண்டு மணி நேரத்தையும் காப்பாகக் கழித்தால் கிடைப்பதே திரும்பும் நேரம். அந்நேரம் வந்துவிட்டால், சிகரம் கண்ணெதிரே நின்றாலும் திரும்ப வேண்டும்.

சொற்பொருள்

இசைவு – அனுமதி
சரிவு – மலையின் சாய்ந்த பகுதி
ஒற்றையடிப் பாதை – ஒருவர்பின் ஒருவராக நடக்கத்தக்க குறுகிய வழி
சம உயரக் கோடு – ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் வரைபடக் கோடு
பாகை – கோணத்தை அளக்கும் அலகு
பெருக்கெண் – ஓர் எண்ணைப் பெருக்கப் பயன்படும் எண்
காப்பு – பாதுகாப்பு

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடையளிக்க.

1. கரமனையாறும் தாமிரபரணியும் எவ்வகையில் உறவுடையன?
2. முட்டிடிச்சான் தேரி என்னும் பெயரின் பொருள் யாது?
3. வரைபடத்தில் பாதையை அளக்க நூலைப் பயன்படுத்துவது ஏன்?
4. குழுவின் கடைசி ஆளின் நேரத்தையே கணக்கில் கொள்வது ஏன்?

ஆ. கணக்கிட்டு எழுதுக.

1. ஒரு பாதையின் தூரம் 8 கிலோமீட்டர். மொத்த ஏற்றம் 400 மீட்டர். நெய்ஸ்மித் விதிப்படி ஆகும் நேரம் எவ்வளவு? பெருக்கெண் 1.5 எனின் நேரம் எவ்வளவு? (விடை: 136 நிமிடம், 204 நிமிடம்.)
2. ஒரு பாதை 300 மீட்டர் உயரத்தில் தொடங்கி, 420க்கு ஏறி, 360க்கு இறங்கி, 600க்கு ஏறி முடிகிறது. ஏற்றத்திற்காகச் சேர்க்க வேண்டிய நிமிடங்கள் எத்தனை? தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் பார்த்தவர் எத்தனை நிமிடம் குறைவாகக் கணக்கிடுவார்?
3. 3 கிலோமீட்டர் தூரமும் 200 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதையை ஒரு குழு 70 நிமிடத்தில் கடந்தது. அக்குழுவின் பெருக்கெண் யாது?

இ. சிந்தித்து எழுதுக.

பிற்பகல் ஒரு மணி. உங்கள் குழு சிகரத்திற்கு அரை மணித் தொலைவில் உள்ளது. நீங்கள் குறித்த திரும்பும் நேரம் ஒரு மணி. குழுவில் ஒருவர் மேலே செல்ல வேண்டும் என்கிறார். கணக்கைக் காட்டி அவருக்கு விளக்கும் உரையாடல் ஒன்றைப் பத்துத் தொடர்களில் எழுதுக.

ஈ. செய்து பார்க்க.

பெற்றோர் அல்லது ஆசிரியர் துணையுடன், தூரம் தெரிந்த ஒரு சமதளப் பாதையில் ஒரு கிலோமீட்டர் நடந்து நேரத்தைக் குறிக்க. அடுத்த நாள் அதே பாதையில் புத்தகப் பையுடன் நடந்து நேரத்தைக் குறிக்க. இரண்டையும் 12ஆல் வகுத்து, சுமையினால் உங்கள் பெருக்கெண் எவ்வளவு மாறியது என்று வகுப்பில் கூறுக.